மார்ச் 31 கணக்கில் வந்த நாணயமாற்று இலாபத்துக்கு வரி உண்டா?

கேள்வி: "அண்ணா, நாங்கள் ஹட்டனில் சின்னக் கம்பனி ஒன்று நடத்துகிறோம். தேயிலையைப் பொதியிட்டு ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். இன்வொய்ஸ் டொலரில்; காசு வர மூன்று மாதம் ஆகிறது. மார்ச் 31 கணக்கில் ஒடிட்டர் நாணயமாற்று இலாபம் என்று ஒரு தொகை போட்டிருக்கிறார். காசு இன்னும் வரவே இல்லை. வராத காசுக்கும் வரி கட்ட வேண்டுமா? வரும்போது டொலர் விழுந்திருந்தால் அந்த நட்டத்தைக் கழிக்கலாமா?"

காசு வராத வரைக்கும் அந்த இலாபத்துக்கு வரி இல்லை. வரும்போது நட்டமாகியிருந்தால் கழிக்கலாம். ஆனால் ஒடிட்டர் அடுத்த வருடக் கணக்கில் காட்டப்போகும் நட்டத்தை அப்படியே கழிக்க முடியாது. அதில் ஒரு பகுதியைத்தான் கழிக்கலாம். மலையகத்துச் சிறு ஏற்றுமதிக் கணக்குகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை அந்த இரண்டாவது வருடத்தில்தான் வருகிறது. முதல் வருடம் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். அடுத்த வருடம் அதே இன்வொய்ஸ் எந்த வீதத்தில் தொடங்கியது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முதலில், உங்கள் ஒடிட்டர் செய்தது சரி. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 21-இன்படி, வெளிநாட்டு நாணயத்தில் வரவேண்டிய வருமதியை விற்பனை நடந்த நாளின் வீதத்தில் பதிய வேண்டும். வருட முடிவில் அது வசூலாகாமல் நின்றால், முடிவு நாளின் வீதத்துக்கு மாற்றி எழுத வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த வருடத்து இலாப நட்டத்துக்குள் போகும். உங்களுக்கு வரவேண்டிய டொலருக்கு மார்ச் 31 அன்று ரூபாயில் என்ன பெறுமதி என்று வங்கிக்கும் பங்குதாரருக்கும் காட்டுவதற்கான ஏற்பாடு இது.

வரிக் கணக்கு கணக்குப் புத்தகத்து இலாபத்தில் தொடங்குகிறது, ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில்லை. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் கம்பனியின் வருமானத்தைக் கணிக்கும்போது, புத்தகத்து இலாபத்தை எடுத்து, வரிக்குச் சேராதவற்றைக் கழித்து, அனுமதிக்கப்படாத செலவுகளைக் கூட்டித்தான் வரிக்குரிய தொகைக்கு வருகிறோம். அப்படிச் சரிசெய்யும் இனங்களில் கைக்கு வராத நாணயமாற்று வித்தியாசமும் ஒன்று. இலாபமாக இருந்தால் கழிப்போம், நட்டமாக இருந்தால் கூட்டுவோம். வருமதி தீர்ந்து, எத்தனை ரூபாய் கூடியது, எத்தனை குறைந்தது என்பது நிச்சயமான வருடத்தில்தான் அது வரிக்குள் வரும்.

இதை உங்கள் கணக்கை ஒத்த ஒரு கணக்கில் போட்டுப் பார்ப்போம். வீதங்கள் கணக்குப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை.

பெப்ரவரி 20 ஆம் திகதி ஹட்டன் அலுவலகத்தில் 10,000 டொலருக்கு இன்வொய்ஸ் அடிக்கிறீர்கள். அன்றைய வீதம் 295 ரூபாய். லொறி கொழும்புக்கு இறங்கி, சுங்க வேலை முடிந்து, சரக்கு கப்பலில் ஏறுவது 27 ஆம் திகதி. அன்று வீதம் 296. இதில் எதைப் பிடிப்பது? உங்கள் விற்பனை எஃப்.ஓ.பி. கொழும்பு என்றால், சரக்கு வாங்குபவருக்குக் கைமாறுவது கப்பலில் ஏறும்போதுதான். விற்பனை பதிய வேண்டிய நாள் 27, வீதம் 296, வருமானம் 29,60,000 ரூபாய். இன்வொய்ஸ் அடித்த நாளுக்கும் கப்பல் ஏறிய நாளுக்கும் இடையே வந்த ஒரு ரூபாய் வித்தியாசம் நாணயமாற்று இலாபமே அல்ல. அந்த இடைவெளியில் விற்பனை நடக்கவில்லை. இன்வொய்ஸ் திகதியைப் பிடித்துப் பதிந்துவிட்டு, கப்பல் ஏறிய நாளில் 10,000 ரூபாயை இலாபமாகப் போட்டிருந்த ஒரு கணக்கை நான் பார்த்திருக்கிறேன். மொத்தத்தில் வரி மாறாது என்றாலும், வருமானமும் நாணயமாற்று வித்தியாசமும் பிழையான இடங்களில் உட்கார்ந்துகொள்ளும்.

மார்ச் 31 வருகிறது. காசு வரவில்லை. வீதம் 300. ஒடிட்டர் வருமதியை 30,00,000 ஆக்கி, 40,000 ரூபாயை நாணயமாற்று இலாபமாகக் காட்டுகிறார். நீங்கள் கேட்ட தொகை இதுதான். வரிக் கணக்கீட்டுத் தாளில் இந்த 40,000-ஐப் புத்தகத்து இலாபத்திலிருந்து கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால், 30 வீதம் கட்டும் கம்பனிக்கு 12,000 ரூபாய் வரி ஒரு வருடம் முந்திப் போய்விடும்.

ஜூன் 3 ஆம் திகதி காசு வருகிறது. அன்று வீதம் 294. புத்தகத்தில் வருமதி 30,00,000 என்று நிற்கிறது. அதே 10,000 டொலருக்கு இப்போது 29,40,000 தான் பெறுமதி. ஆகவே புத்தகத்தில் இரண்டாம் வருடத்து நட்டம் 60,000. இங்கேதான் நிதானிக்க வேண்டும். இந்த இன்வொய்ஸின் முழு ஆயுளில் நீங்கள் உண்மையில் இழந்தது என்ன? 296-இல் விற்றீர்கள், 294-இல் தீர்ந்தது. டொலருக்கு இரண்டு ரூபாய், மொத்தம் 20,000. வரிக்குக் கழிக்கக்கூடிய நட்டம் இந்த 20,000 மட்டுமே. மற்ற 40,000 என்பது போன வருடம் வரிக்குள் வராமல் நாம் வெளியே எடுத்துவைத்த இலாபம் திரும்பிப் போவது. வரிக்குள் வராத இலாபம் கரைந்துபோனதற்கு வரிக் கழிவு கிடையாது. ஆகவே இரண்டாம் வருடத்துத் தாளில் 40,000-ஐத் திருப்பிக் கூட்ட வேண்டும்.

முதல் வருடம் 40,000-ஐக் கழித்துவிட்டு, இரண்டாம் வருடம் 60,000 நட்டத்தையும் முழுதாக எடுத்துக்கொள்வதுதான் நான் சொன்ன பிழை. பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. தாளைத் தயாரிப்பவர் இந்த வருடத்து இலாப நட்டக் கணக்கை மட்டும் பார்க்கிறார். காசு வந்துவிட்டது, ஆகவே நட்டம் நிச்சயமாகிவிட்டது என்று முழுவதையும் விட்டுவிடுகிறார். 10,000 டொலருக்கு 12,000 ரூபாய் வரி குறைவாகக் காட்டியதாகிவிடும். வருடத்தில் பத்துப் பதினைந்து கப்பல் போகும் கம்பனிக்கு இது சின்னத் தொகையில்லை. பின்னர் திணைக்களம் கண்டுபிடித்தால் வட்டியும் தண்டமும் சேரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒரு இன்வொய்ஸுக்கு எல்லா வருடங்களிலும் வரிக்குள் போன நாணயமாற்று இலாப நட்டங்களைக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை, தீர்ந்த நாள் வீதத்திலிருந்து விற்ற நாள் வீதத்தைக் கழித்து டொலரால் பெருக்கினால் வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். எங்கள் கணக்கில் 294-இல் இருந்து 296 போனால் இரண்டு ரூபாய் நட்டம். பெருக்கினால் 20,000 நட்டம். வரித் தாள்களில் முதல் வருடம் பூச்சியம், இரண்டாம் வருடம் 20,000 நட்டம். பொருந்துகிறது. பொருந்தவில்லையென்றால் ஏதோ ஒரு வருடத்தில் சரிசெய்தல் விடுபட்டிருக்கிறது.

இந்தச் சோதனையைச் செய்ய வேண்டுமானால், நாணயமாற்று வித்தியாசத்தை இன்வொய்ஸ் வாரியாக வைத்திருக்க வேண்டும். பல இடங்களில் பேரேட்டில் "நாணயமாற்று இலாப நட்டம்" என்று ஒரே ஒரு கணக்குத்தான் இருக்கும். தீர்ந்ததும் தீராததும், வருமதியும் வங்கி மீதியும் எல்லாம் அதற்குள் கலந்து கிடக்கும். வருட முடிவில் அதைப் பிரிக்க உட்கார்ந்தால் பழைய வங்கிக் கடிதங்களையெல்லாம் கிளற வேண்டிவரும். பேரேட்டிலேயே இரண்டு கணக்காகப் பிரித்துவிடுங்கள்: தீர்ந்தவை ஒன்றில், மார்ச் 31 மாற்றத்தால் வந்தவை மற்றொன்றில். அதோடு ஒரு எக்செல் தாளில் ஒவ்வொரு இன்வொய்ஸுக்கும் ஒரு வரி: இன்வொய்ஸ் இலக்கம், டொலர், விற்ற நாளும் வீதமும், மார்ச் 31 வீதம், தீர்ந்த நாளும் வீதமும். சிறிய கம்பனிக்கு இது மாதத்தில் அரை மணி நேர வேலை.

அடுத்து, ஜூன் 3 அன்று உண்மையில் என்ன வந்தது என்று பார்ப்போம். ஜெர்மனியிலிருந்து 10,000 அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் கணக்கில் விழுந்தது 9,970. வழியில் உள்ள வங்கி 30 டொலரைக் கட்டணமாக எடுத்துவிட்டது. இந்த இடத்தில் பலர், 29,60,000 வரவேண்டும், 29,31,180 தான் வந்தது, ஆகவே 28,820 நாணயமாற்று நட்டம் என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. 30 டொலர் வங்கிக் கட்டணம், அன்றைய வீதத்தில் 8,820 ரூபாய். மிச்சம் 20,000 தான் நாணயமாற்று நட்டம். இரண்டும் கழிக்கக்கூடியவைதானே, பிரித்து என்ன பயன் என்று கேட்கலாம். வங்கிக் கட்டணம் நடந்து முடிந்த செலவு. அதற்கு மார்ச் 31 சரிசெய்தல் எதுவும் தேவையில்லை. நாணயமாற்று நட்டத்துக்குத் தேவை. கலந்துவிட்டால் மேலே சொன்ன சோதனை ஒருபோதும் பொருந்தாது. எங்கே பிழை என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

வாங்குபவர் தரக் குறைவென்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு அனுப்புவதும் இதே மாதிரித்தான். ஈரம் கூடிவிட்டது, பொதி நசுங்கிவிட்டது என்று 200 டொலர் குறைத்தால் அது விற்பனைக் குறைப்பு. அதற்குக் கிரெடிட் நோட் எழுத வேண்டும். ஆகவே ஒவ்வொரு இன்வொய்ஸையும் முதலில் டொலரிலேயே முடியுங்கள்: 10,000-இல் கட்டணம் எவ்வளவு, குறைப்பு எவ்வளவு, வந்தது எவ்வளவு. டொலரில் கணக்குப் பூச்சியத்துக்கு வந்த பிறகு ரூபாயில் மிச்சம் நிற்பது மட்டும்தான் நாணயமாற்று வித்தியாசம். டொலரிலேயே வித்தியாசம் நின்றால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதைத் தேடுங்கள்.

வாங்குபவர் காசே தரவில்லை என்றால்? அதுவும் நாணயமாற்று நட்டம் அல்ல, அறவிட முடியாக் கடன். அங்கேயும் வீதம் தலைகாட்டும். வருமானமாக வரிக்குள் போனது 29,60,000. புத்தகத்தில் மார்ச் 31-இல் 30,00,000 என்று நின்றாலும், அறவிட முடியாக் கடனாகக் கேட்கக்கூடியது வருமானத்துக்குள் போன தொகையை மீறக் கூடாது. அதோடு, அறவிட எடுத்த முயற்சிகளின் கடிதங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏற்றுமதிக் காசு சரக்கு அனுப்பிய 180 நாட்களுக்குள் நாட்டுக்குள் வரவேண்டும் என்பது மத்திய வங்கியின் விதி. அந்த நாட்கள் தாண்டுவது தெரிந்தால் வரியைப் பற்றி யோசிக்க முதல் வங்கியோடு பேசுங்கள்.

இப்போது டொலர் உங்கள் வெளிநாட்டு நாணயக் கணக்குக்குள் வந்துவிட்டது. கதை முடிந்ததென்று பலர் நினைக்கிறார்கள். வருமதி முடிந்தது உண்மை, ஆனால் அந்த 9,970 டொலர் இன்னும் டொலராகவே இருக்கிறது. 294 ரூபாய் வீதத்தில் கையில் வந்த டொலர் என்று அதற்குப் புதிதாக ஒரு ஆரம்பம் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூன் மாத நடுவில், உங்களுக்குத் தேயிலை டின் விற்ற வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு அந்தக் கணக்கிலிருந்து 2,000 டொலர் கட்டுகிறீர்கள். அன்று வீதம் 295. பொருட்களும் அன்றே வந்தன என்று வைத்துக்கொண்டால் டின் செலவு 5,90,000 ரூபாய். ஆனால் அந்த டொலர் உங்களிடம் வந்தது 294-இல், அதாவது 5,88,000-க்கு. 2,000 ரூபாய் நாணயமாற்று இலாபம். ரூபாயாக மாற்றவில்லையே என்று இதை விட்டுவிட முடியாது. டொலர் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது, ஆகவே வித்தியாசம் நிச்சயமாகிவிட்டது. செலவை 5,90,000 என்று முழுதாகக் கழித்துக்கொண்டு, இந்த 2,000-ஐக் காட்டாமல் விட்டால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஜூலையில் 7,000 டொலரை வங்கி 297-க்கு வாங்கிக்கொள்கிறது. 20,79,000 ரூபாய் வருகிறது. வந்த வீதத்தில் அது 20,58,000. 21,000 ரூபாய் இலாபம், இந்த வருடத்து வரிக்குள். மீதி 970 டொலர் அடுத்த மார்ச் 31 வரைக்கும் கிடந்தால், அன்றைய வீதத்துக்கு மாற்றும்போது வரும் வித்தியாசம் மறுபடியும் கைக்கு வராத வகைக்குள் போகும்.

பல காசுகள் அதே கணக்குக்குள் விழுந்து கலக்கும்போது எந்த டொலர் எந்த வீதத்தில் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். முதலில் வந்தது முதலில் போகிறது என்று எடுக்கலாம், அல்லது சராசரி வீதம் வைத்துக்கொள்ளலாம். எனக்குச் சராசரி பிடிக்கும், ஏனென்றால் சின்ன அலுவலகத்தில் அதைப் பிழையில்லாமல் நடத்தலாம். எதை எடுத்தாலும் வருடா வருடம் அதையே பின்பற்றுங்கள். இலாபம் குறைவாக வரும் முறைக்கு இந்த வருடம் மாறுவோம் என்ற எண்ணம் வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். முறை மாறியது அடுத்தடுத்த வருடத்துத் தாள்களைப் பக்கத்தில் வைத்தாலே தெரிந்துவிடும், அதற்கு உங்களிடம் சொல்ல ஒரு காரணமும் இருக்காது.

வீதத்தை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் இதே ஒழுங்கு வேண்டும். மத்திய வங்கி நாளாந்தம் வாங்கும் விலையும் விற்கும் விலையும் வெளியிடுகிறது. உங்கள் வங்கிக்கும் தனி விலை இருக்கிறது. விற்பனையை மத்திய வங்கியின் நடு வீதத்தில் பதிந்துவிட்டு, ரூபாயாக்கும்போது உங்கள் வங்கியின் வாங்கும் விலை கிடைத்தால், சந்தை அசையாத நாளில்கூட ஒரு சிறு நட்டம் வரும். அது பிழையல்ல; வங்கி எடுக்கும் இலாபம் அது, உங்களுக்கு உண்மையான இழப்பு. ஆனால் விற்பனைக்கு ஒரு நாள் மத்திய வங்கி, ஒரு நாள் உங்கள் வங்கி, இன்னொரு நாள் இணையத்தில் பார்த்த ஏதோ ஒரு வீதம் என்று போனால், எந்த வித்தியாசமும் நம்பும்படி இருக்காது. பயன்படுத்திய வீதத்தின் பிரதியை அந்தந்த இன்வொய்ஸோடு சேர்த்துவையுங்கள்.

சுங்கப் பத்திரத்தில் உள்ள ரூபாய்த் தொகை வேறாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுங்கத் திணைக்களம் தன் சொந்த வீதத்தை ஒரு காலத்துக்கு நிர்ணயித்து அதில்தான் மதிப்பிடுகிறது. உங்கள் புத்தகத்தில் 29,60,000; சுங்கப் பத்திரத்தில் அதற்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ. இறைவரித் திணைக்களம் சில வேளை ஏற்றுமதி வருமானத்தைச் சுங்கத் தரவோடு ஒப்பிட்டு விளக்கம் கேட்கும். அப்போது பயந்துபோய் விற்பனையைச் சுங்கத் தொகைக்கு மாற்றி, மிச்சத்தை நாணயமாற்று இலாபம் என்று போட வேண்டாம். இரண்டு பட்டியலையும் டொலரில் ஒப்பிட்டுக் காட்டுங்கள். டொலர் ஒன்றாக இருந்தால் ரூபாய் வித்தியாசத்துக்கு விளக்கம் அதிலேயே இருக்கிறது.

இதெல்லாம் பத்து இருபதாயிரம் ரூபாய் விஷயம்தானே என்று தோன்றினால் 2022-ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் 7 வரை டொலர் 200 ரூபாய் அளவில் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. அன்று மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மார்ச் 31 வரும்போது 300-ஐ நெருங்கிவிட்டது. பெப்ரவரியில் 10,000 டொலருக்கு அனுப்பியவர் புத்தகத்தில் இருபது இலட்சத்து வருமதி, ஒரு மாதத்தில் ஒன்பது இலட்சத்துக்கு மேல் ஏறி நின்றது. கையில் ஒரு சதமும் வரவில்லை. டீசல் இல்லை, லொறி இல்லை. அந்தத் தொகைக்கு அந்த வருடமே வரி கட்ட வேண்டிவந்திருந்தால் சிறு ஏற்றுமதியாளர் பலர் கடன் வாங்கியிருப்பார்கள். கைக்கு வரும்வரை வரிக்குள் எடுப்பதில்லை என்ற முறை அங்கேதான் உயிர்காத்தது.

அதே நேரத்தில் அந்த இலாபம் மறைந்துவிடவில்லை. அடுத்த வரி மதிப்பாண்டில் காசு வந்தபோது முழுவதும் வரிக்குள் வந்தது. அந்த வருடத்தின் நடுவில், 2022 ஒக்டோபர் 1 முதல், பொருள் ஏற்றுமதிக் கம்பனிகளின் வரி வீதம் 14-இலிருந்து 30 ஆனது. ஆகவே எந்த மாதத்தில் தீர்ந்தது என்பதற்கான ஆதாரம் திடீரென்று பெறுமதியுள்ளதாகிவிட்டது. இன்வொய்ஸ் வாரியாகத் தாள் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. ஒரே கணக்கில் எல்லாம் கொட்டிவைத்திருந்தவர்கள் அந்த வருடம் மிகவும் கஷ்டப்பட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து எதிர்ப்பக்கம் நடந்தது. 2023 ஜனவரியில் 360-க்கு மேல் இருந்த டொலர் மார்ச் முடிவில் 330-க்குக் கீழே வந்தது. புத்தகங்களில் பெரிய நட்டம். அந்த மார்ச் 31 நட்டத்தைக் கூட்டாமல் அப்படியே கழித்தவர்கள் பலர். இலாபம் வரும்போது "கைக்கு வரவில்லை" என்று கழித்துக்கொண்டவர்கள், நட்டம் வரும்போது அதே விதியை மறந்துவிட்டார்கள். விதி இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

காசு வந்து நிச்சயமான நட்டம் மற்ற வியாபார வருமானத்தில் கழியும். அந்த வருடம் மொத்தமாக நட்டமானால் ஆறு வருடம் வரை முன்கொண்டு செல்லலாம். காலாண்டுத் தவணைகளைக் கட்டும்போதும் (ஒகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15) உங்கள் மதிப்பீட்டில் தீர்ந்த வித்தியாசத்தை மட்டும் சேருங்கள்.

வாங்குபவர் முற்பணம் அனுப்பினால் கணக்கு இலேசாகிறது. 10,000-இல் 3,000 டொலர் சரக்கு அனுப்ப முன்னரே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 3,000-க்கு விற்பனை வருமானம் முற்பணம் வந்த நாளின் வீதத்திலேயே பதியப்படும். மார்ச் 31-இல் அதை மாற்றி எழுதுவதுமில்லை, ஏனென்றால் நீங்கள் திருப்பித்தர வேண்டியது சரக்கு, காசல்ல. ஆகவே அந்தப் பங்குக்கு வருமதி வித்தியாசமே எழாது. மிச்ச 7,000-க்கு மட்டும்தான் மேலே சொன்னதெல்லாம். வீதம் ஆடும் காலத்தில் முற்பணம் கேட்டு வாங்குவதற்கு இது ஒரு கூடுதல் காரணம்.

உங்களைப் போல் கம்பனியாக இல்லாமல், தனியாள் வியாபாரமாக, காசு வந்தபோது மட்டும் வருமானம் எழுதும் முறையில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு வருமதி வித்தியாசம் வரவே வராது. வந்த நாளின் வீதமே அவர்கள் வருமானம். கம்பனிக்கு அந்த வசதி இல்லை, காசு வந்ததோ இல்லையோ உழைத்த வருடத்தில் காட்ட வேண்டும். தேயிலையல்லாமல் வெளிநாட்டுக்குச் சேவை விற்று, டொலர் வங்கி மூலம் வருபவர்களுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வருமானத்துக்கு உச்ச வீதம் 15. அவர்கள் அந்த இன்வொய்ஸ்களின் வித்தியாசத்தை மற்ற வியாபாரத்தின் வித்தியாசத்தோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும்.

மெஷின் வாங்க டொலரில் எடுத்த கடனில் வரும் வித்தியாசம் வேறு சங்கதி. அது வியாபாரத்தின் நாளாந்த வருமதியைச் சேர்ந்ததல்ல, மூலதனப் பொறுப்பைச் சேர்ந்தது. அதை இந்தத் தாளுக்குள் கொண்டுவராமல் கணக்காளரோடு தனியாக இருந்து பேசுங்கள்.

உங்கள் ஒடிட்டரிடம் இப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான். அந்த நாணயமாற்று இலாபத் தொகையை இன்வொய்ஸ் வாரியாகப் பிரித்து, எது தீர்ந்தது, எது தீரவில்லை, வருமதி எவ்வளவு, வங்கி மீதி எவ்வளவு என்று ஒரு தாள் கேளுங்கள். தீராத பகுதி வரிக் கணக்கீட்டில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தாளின் பிரதியை அடுத்த வருடக் கோப்பின் முதல் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். நவம்பர் 30-க்குள் விவரத்திரட்டுக் கொடுக்க உட்காரும்போது, திருப்பிக் கூட்ட வேண்டிய 40,000 எது என்று தேடாமல் கையில் இருக்கும்.